126 என்ற எண் எங்கிருந்து வந்தது

போன வருடம் கார்த்திகை மாதத்தில் சித்தப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 128. தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் போட்டிருந்தது. சித்தப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ஏம்மா, 125 வந்தா சுகர் இல்ல, 126 வந்தா சுகர்னு எழுதியிருக்கான். 125க்கும் 126க்கும் நடுவுல உடம்புக்குள்ள என்ன நடக்குது? இதை யார் முடிவு பண்ணது?”

என்னிடம் வந்து கேட்டதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருடமாக ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படம் எடுப்பதுதான் என் வேலை. சர்க்கரை உள்ளவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்த பிறகு, கேமரா முன்னால் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுப்பேன். அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று தரம் பிரித்தும் எழுதுவேன். சித்தப்பா கேட்டதற்கான பதில் என் மேஜையிலேயே இருக்கிறது. 126 என்ற எண் கண்ணிலிருந்து வந்தது. ஆனால் கண்ணிலிருந்து மட்டும் வரவில்லை. இந்த இரண்டாவது பாதியைப் பல மருத்துவர்களே சொல்லி நான் கேட்டதில்லை. அன்று சித்தப்பாவிடம் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், சர்க்கரை நோய்க்கு எல்லை வைக்க ஏன் கண்ணைத் தேட வேண்டும்? ரத்தத்தில் சர்க்கரை எல்லோருக்கும் இருக்கிறது. ஆயிரம் பேரை அளந்து வரைபடம் போட்டால் பெரும்பாலான ஊர்களில் ஒரே ஒரு மேடுதான் வரும். நடுவில் உயரமாக, வலப்பக்கம் நீளமாக வால் இழுத்தபடி இருக்கும். அந்த வாலில் எந்த இடத்தில் கத்தி வைப்பது என்று வரைபடம் சொல்லாது. 1960களில் இதற்கு வைத்திருந்த வழி, ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து, அவர்களில் மிகப் பெரும்பாலோர் எதற்குள் அடங்குகிறார்களோ அதற்கு மேலே இருப்பதெல்லாம் நோய் என்பது. வயது ஏற ஏற எல்லோருக்கும் சர்க்கரை கொஞ்சம் ஏறுகிறது. அதனால் அந்தக் கோட்டை வயதானவர்களுக்கு வைத்தபோது, எந்தத் தொந்தரவும் வராத ஏராளமானோர் நோயாளிப் பட்டியலில் சேர்ந்தார்கள். போதாக்குறைக்குச் சோதனைக்குக் குடிக்க ஒரு நாட்டில் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்தார்கள், இன்னொரு நாட்டில் 100 கிராம். ஒரு மருத்துவர் நோய் என்றதை இன்னொரு மருத்துவர் இல்லை என்றார்.

அப்போது சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். எந்த அளவுக்கு மேலே போனால் சர்க்கரையால் மட்டுமே வரக்கூடிய சேதம் தொடங்குகிறது என்று பார்த்து, அங்கே கோடு போடலாமே? மாரடைப்பு இதற்கு உதவாது. அதற்குப் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று பல காரணங்கள் உண்டு. சர்க்கரை ஏற ஏற அந்த ஆபத்தும் சரிவான பாதை மாதிரி ஏறிக்கொண்டே போகிறது, நடுவில் படி கிடையாது. சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தம் கெடுக்கும். விழித்திரையில் சர்க்கரை விடும் தடயம் ஓரளவு தனித்துத் தெரியும். அதோடு, உடம்பைக் கீறாமல் நுண்ணிய ரத்த நாளங்களை நேரடியாகப் பார்க்க வசதியான இடமும் விழித்திரைதான்.

அந்தத் தடயம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மெல்லிய நாளங்களின் சுவரை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் செல்கள், சர்க்கரை கூடுதலாக இருந்த வருடங்களில் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். தாங்கல் போன இடத்தில் சுவர் பொத்தென்று வெளியே புடைக்கும், பழைய சைக்கிள் டியூப் மாதிரி. இதை நுண்புடைப்பு என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அது ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் அதற்கான மேல் வரம்பு, அதைவிடப் பெரிதாக இருந்தால் ரத்தக்கசிவாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். லென்ஸில் தூசி இருந்தாலும் புள்ளி மாதிரி தெரியும். கண்ணைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி இன்னொரு படம் எடுத்தால், தூசி அதே இடத்தில் நிற்கும், நுண்புடைப்பு நாளத்தோடு நகரும். இந்தப் புள்ளிகளை எண்ணித்தான் உலகம் முழுக்கச் சர்க்கரை நோயின் எல்லை போடப்பட்டது.

இனி அரிசோனாவுக்குப் போக வேண்டும்.

பீனிக்ஸ் நகரத்துக்குத் தெற்கே ஹீலா ஆற்றின் கரையில் ஒரு பழங்குடிச் சமூகம் வாழ்கிறது. வெளியார் அவர்களைப் பீமா என்றார்கள். அவர்கள் தங்களை அகிமெல் ஓ'ஓதம், அதாவது ஆற்று மக்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்து பாலைவனத்தில் கோதுமையும் பருத்தியும் விளைவித்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். விவசாயம் விழுந்தது, பசி வந்தது, அப்புறம் அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் வந்தன. காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதியை விளக்க வேண்டியதில்லை. 1960களில் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வாளர்கள் அங்கே போனபோது, வயது வந்தவர்களில் சர்க்கரை நோய் அதுவரை வேறெங்கும் பார்த்திராத அளவில் இருந்தது. 35 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு.

1965இல் அங்கே தொடங்கிய ஆய்வு பல பத்தாண்டுகள் ஓடியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மக்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். குளுக்கோஸ் குடித்தார்கள், 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தார்கள், கண்ணைக் காட்டினார்கள். இன்று நம் ஊர் பரிசோதனைத் தாளில் அச்சாகும் எல்லையின் அடியில் அந்த மக்களின் ரத்தம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் 126 பற்றிப் பேசுவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

பீட்டர் பென்னட்டும் அவருடன் இருந்தவர்களும் 1971இல் அந்த அளவுகளை வரைந்தபோது, வேறு ஊர்களில் வராத ஒன்று வந்தது. இளம் வயது தாண்டியவர்களின் 2 மணி நேர அளவுகள் ஒரு மேடாக இல்லாமல் இரண்டு மேடுகளாக நின்றன, இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி. இடது திமிலில் சர்க்கரை சாதாரணமாக உள்ளவர்கள், வலது திமிலில் மிகக் கூடுதலாக உள்ளவர்கள், நடுவில் பள்ளம். 100 மில்லி ரத்த நீரில் 200 மில்லிகிராம் என்ற அளவு அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் விழுந்தது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் சேதம் இருந்தவர்கள் பெரும்பாலும் வலது திமிலில்தான் இருந்தார்கள். இடது திமிலில் கிட்டத்தட்ட யாருமே இல்லை.

இங்கிலாந்திலிருந்தும் ஆதாரம் வந்தது. 1962இல் பெட்ஃபோர்ட் என்ற ஊரில் ஹாரி கீன் குழுவினர் ஊர் மக்களின் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். இரண்டுங்கெட்டான் அளவில் இருந்தவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, விழித்திரைச் சேதம் மிக அரிதாகவே வந்தது. பழைய கோட்டின்படி இவர்களில் பலர் நோயாளிகள், கண் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படித்தான் 1979இல் அமெரிக்காவின் தேசியக் குழு ஒன்றும், அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனமும், 2 மணி நேர அளவுக்கு 200 என்ற கோட்டைப் போட்டன. வெறும் வயிற்று அளவுக்கு 140. எல்லோருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் என்ற பழக்கமும் அப்போதுதான் நிலைத்தது.

இதில் ஒரு கோணல் இருந்தது. இரண்டு கோடுகளும் ஒரே உயரத்தில் இல்லை. வெறும் வயிற்றில் 140ஐத் தாண்டியவர்களைச் சோதித்தால் கிட்டத்தட்ட எல்லோருமே 2 மணி நேர அளவில் 200ஐத் தாண்டியிருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் கதை வேறு. அதுவரை நோய் கண்டுபிடிக்கப்படாதவர்களில், 200ஐத் தாண்டியவர்களில் நான்கில் ஒரு பங்கினர்தான் 140ஐத் தொட்டார்கள். யாருக்கு எந்தச் சோதனை செய்தார்கள் என்பதைப் பொறுத்து ஒருவர் நோயாளியாகவோ நோயில்லாதவராகவோ ஆனார். நடைமுறையில் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் உட்கார யாருக்கும் நேரமில்லை. பெரும்பாலோருக்கு வெறும் வயிற்றுச் சோதனை மட்டும்தான், அதனால் நிறையப் பேர் தவறிப்போனார்கள்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1995இல் கூட்டிய நிபுணர் குழு இந்தக் கோணலைச் சரிசெய்ய உட்கார்ந்தது, 1997இல் அறிக்கை தந்தது. சித்தப்பாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

குழுவின் முன்னால் மூன்று மக்கள்தொகைகளின் தரவு இருந்தது. பீமா மக்கள் 960 பேர். எகிப்தில் 1,018 பேர். அமெரிக்கத் தேசிய ஆய்விலிருந்து 40 முதல் 74 வயது வரை உள்ள 2,821 பேர். மூன்றிலும் வெறும் வயிற்று அளவு, 2 மணி நேர அளவு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஆகியவற்றோடு கண் பரிசோதனையும் இருந்தது. குழு செய்தது எளிமையான வேலை. ஒவ்வொரு ஊரிலும் எல்லோரையும் சர்க்கரை அளவின்படி வரிசையாக நிறுத்தி, சமமான பத்துக் கூட்டமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை சதவீதம் பேருக்கு விழித்திரைச் சேதம் என்று எண்ணினார்கள்.

பீமா மக்களை எடுத்துக்கொள்வோம். 960 பேரைப் பத்தாகப் பிரித்தால் கூட்டத்துக்கு 96 பேர். வெறும் வயிற்று அளவில் எட்டாவது கூட்டம் 116இல் தொடங்கியது. ஒன்பதாவது 136இல், பத்தாவது 226இல். கீழ்க் கூட்டங்களில் சேதம் மிகக் குறைவாக, ஏறக்குறைய தட்டையாக ஓடியது. ஒன்பதாவது கூட்டத்தில் திடீரென்று நிமிர்ந்தது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு 136இல் படி ஏறுவது போலத் தோன்றும்.

ஆனால் அந்தப் படி எங்கே இருக்கிறது? ஒன்பதாவது கூட்டத்தில் 136 உள்ளவரும் இருக்கிறார், 225 உள்ளவரும் இருக்கிறார். சேதம் முழுக்க 180க்கு மேலே இருப்பவர்களிடம் இருந்தாலும் வரைபடம் இதே மாதிரிதான் வரும், ஏனென்றால் கூட்டத்துக்கு ஒரே ஒரு சதவீதம்தான் கிடைக்கிறது. 96 பேர் கொண்ட கூட்டத்தில் ஒருவர் என்பது கிட்டத்தட்ட 1 சதவீதம். உண்மையான அளவு 3 சதவீதமாக இருந்தாலும் தற்செயலாக ஒரு கூட்டத்தில் ஒருவர் வரலாம், இன்னொன்றில் ஆறு பேர் வரலாம். எட்டாவது கூட்டத்துக்குள், 116க்கும் 135க்கும் நடுவில், சேதம் மெல்லத் தொடங்கியிருந்தால்கூட இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் கண்ணுக்குப் படாது. 126 விழுவது சரியாக இந்தக் கூட்டத்துக்குள்தான்.

மற்ற இரண்டு ஊர்களிலும் இதே கதை. எகிப்தில் ஏற்றம் 130 அளவில் தொடங்கியது, அது எட்டாவது கூட்டத்தின் கீழ் விளிம்பு. அமெரிக்கத் தேசிய ஆய்வில் 120 அளவில், அது பத்தாவது கூட்டத்தின் கீழ் விளிம்பு. 120, 130, 136. மூன்றும் கூட்டம் பிரித்த கோடுகள். ஒரு ஊரில் சர்க்கரை நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கூட்டத்தின் விளிம்பு நகரும். எகிப்தில் நோயாளிகள் அதிகம், அதனால் மூன்று கூட்டங்கள் மேலே தெரிந்தன. அமெரிக்காவில் குறைவு, அதனால் ஒன்றே ஒன்று. உடம்பின் எல்லை இடத்துக்கு இடம் மாறியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு சொன்னதால் அந்த வரைபடங்கள் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை பெரிய ஒரு விஷயத்தைக் காட்டின. ஒவ்வொரு ஊரிலும் மூன்று அளவுகளும், அதாவது வெறும் வயிறு, 2 மணி நேரம், ஹெச்பிஏ1சி மூன்றும், கிட்டத்தட்ட ஒரே கூட்டத்தில் ஏறத் தொடங்கின. எதை அளந்தாலும் அதே மனிதர்களின் கண்தான் கெட்டிருந்தது. 140 என்ற பழைய கோடு உயரம் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. கண் சுட்டிக்காட்டியது ஒரு வட்டாரத்தை, தெரு எண்ணை அல்ல.

தெரு எண் வந்த வழி வேறு. குழு 200ஐ நகர்த்த விரும்பவில்லை. 1979க்குப் பிறகு நடந்த ஆய்வுகள் எல்லாம் அந்த எண்ணை வைத்தே கட்டப்பட்டிருந்தன, அதை மாற்றினால் பெரிய குழப்பம் வரும் என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் 200ஐ ஊன்றி வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் எந்த அளவு அதற்குச் சமம் என்று தேடினார்கள். எந்த வெறும் வயிற்றுக் கோடு போட்டால், 200 என்ற கோடு போட்டபோது வருகிற அதே எண்ணிக்கை நோயாளிகள் வருவார்கள்? பீமா மக்களில் 123. அமெரிக்கத் தேசிய ஆய்வில் 121. பசிபிக் தீவு மக்களில் 126. இந்த மதிப்பீடுகளின் மேல் முனையைத் தேர்ந்தெடுத்தார்கள். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் அது சரியாக 7.0. உலக சுகாதார நிறுவனமும் 1999இல் அதையே ஏற்றுக்கொண்டது.

ஆக 126க்கு இரண்டு தலைமுறை முன்னோர் இருக்கிறார்கள். பீமா மக்களின் ஒட்டகப் பள்ளமும் கண் சேதமும் சேர்ந்து 200ஐக் கொடுத்தன. 200ஐ ஒத்துப்போகும்படி 126 பிறந்தது. பத்துக் கூட்ட வரைபடம் அதற்குச் சாட்சி சொன்னது.

சித்தப்பா இந்த இடத்தில் கேட்டார், “அப்ப இது கண்ணை வச்சுப் போட்டது இல்லையா?” கண்ணை வைத்துத்தான் போட்டார்கள் சித்தப்பா. ஆனால் கண் நூல் பிடித்துக் கோடு காட்டவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து பேசி அந்த வட்டாரத்துக்குள் ஒரு எண்ணைப் பிடித்தார்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. எங்கோ ஒரு இடத்தில் பிடித்துத்தான் ஆக வேண்டும். எப்படிப் பிடித்தார்கள் என்பதை மறந்துவிட்டு, 125க்கும் 126க்கும் நடுவில் ஏதோ சுவர் இருப்பது போலப் பேசும்போதுதான் சிக்கல்.

என் வேலையோடு சம்பந்தப்பட்ட இன்னொரு குறையும் அந்தத் தரவில் இருந்தது. பீமா மக்களின் கண்ணைக் கையில் பிடிக்கும் கருவி வழியாக மருத்துவர் எட்டிப் பார்த்தார். மற்ற இரண்டு ஊர்களிலும் படம் எடுத்தார்கள். அமெரிக்க ஆய்வில் ஒரு கண்ணை மட்டும் எடுத்தார்கள். இந்த வேலையைச் செய்கிறவளாகச் சொல்கிறேன், கருவியால் பார்க்கும்போது ஒற்றை நுண்புடைப்பு சுலபமாகத் தப்பிவிடும். கண்ணை அசைக்கிற ஆள், புரை விழத் தொடங்கிய லென்ஸ், சரியாக விரியாத பாப்பா, இதில் எது இருந்தாலும் போதும். ஒரு கண்ணை மட்டும் எடுத்தால் மற்ற கண்ணில் இருப்பது தெரியாது. கீழ்க் கூட்டங்களில் சேதம் தட்டையாகத் தெரிந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். லேசான சேதத்தைத் தவறவிடும் பரிசோதனை, இல்லாத படியை உருவாக்கிக் காட்டும்.

இந்தச் சந்தேகம் 2008இல் கூர்மையானது. டியன் யின் வாங் என்பவரும் கூட்டாளிகளும் ஆஸ்திரேலியாவின் இரண்டு ஆய்வுகளையும் அமெரிக்காவின் ஒன்றையும் எடுத்து, நல்ல படங்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். மொத்தம் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மூன்றிலும் பொதுவான படி எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு அளவில் விழித்திரைச் சேதம் இருந்தவர்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் 126 என்ற கோட்டுக்கு மேலே இருந்தார்கள். மீதிப் பேர் எல்லோரும் கோட்டுக்குக் கீழே.

முதலில் படிக்கும்போது தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. நிதானமாக யோசித்தால் விளங்கும். சிவப்புப் புள்ளி சர்க்கரைக்கு மட்டுமே சொந்தமானதல்ல. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், சும்மாவேகூட ஒன்றிரண்டு வரும். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வில், நோயே வராதவர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு விழித்திரையில் இந்த மாதிரி மாற்றம் இருந்தது. கேமரா நன்றாக ஆக ஆக இந்த மாதிரிப் புள்ளிகள் அதிகம் தெரியும். அவற்றில் பல சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாதவை. அவை எல்லாக் கூட்டங்களிலும் பரவி, படியைத் தண்ணீரில் மூழ்கிய படித்துறை மாதிரி மறைத்துவிடும்.

அடுத்து வந்தவர்கள் தண்ணீரை வடித்துவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டீஃபன் கொலாஜியூரி குழுவினர் 2011இல் வெளியிட்ட டிடெக்ட்-2 ஆய்வில் ஐந்து நாடுகளின் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்தார்கள். 44,623 பேர். ஒன்றிரண்டு நுண்புடைப்பு மட்டும் இருந்தால் கணக்கில் எடுக்கவில்லை. நடுத்தர அளவு சேதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் சர்க்கரையால் வந்தது என்று எண்ணினார்கள். அந்த அளவுச் சேதம் ரத்த அழுத்தத்தால் மட்டும் வருவது அபூர்வம். ஆட்களும் நிறைய இருந்ததால் பத்தே கூட்டமாகப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை, குறுகிய இடைவெளிகளாக நறுக்க முடிந்தது.

படி மறுபடி தெரிந்தது. வெறும் வயிற்று அளவில் அது 6.4 முதல் 6.8 மில்லிமோல் வரை உள்ள குறுகிய இடைவெளியில் இருந்தது, நம் கணக்கில் சுமார் 115 முதல் 122 வரை. ஹெச்பிஏ1சி அளவில் 6.3 முதல் 6.7 சதவீதம். 2 மணி நேர அளவில் மட்டும் இப்படிக் குறுகிய இடைவெளி கிடைக்கவில்லை. ஒட்டகப் பள்ளத்தில் முதன்முதலாகப் பிறந்து மற்ற எல்லாக் கோடுகளுக்கும் தாயாக இருந்த சோதனை எதுவோ, அதில்தான் படி மங்கலாக இருந்தது. அந்த அளவு நாளுக்கு நாள் ஆடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு வாரம் விட்டு எடுத்தால் வெறும் வயிற்று அளவு 6 சதவீதம் போல மாறும், 2 மணி நேர அளவு 16 சதவீதம் போல மாறும். இவ்வளவு ஆடுகிற தராசில் வைத்து அளந்தால் கூர்மையான படிகூட வழுக்குப்பாறை மாதிரிதான் தெரியும்.

இந்தத் தரவின் துணையோடுதான் ஹெச்பிஏ1சி 6.5 என்ற கோடு வந்தது. 2009இல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது, அடுத்த வருடம் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2011இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றன. வெறும் வயிற்றுக் கோட்டை 6.5 மில்லிமோலுக்கு, அதாவது 117க்கு, இறக்கலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது நடக்கவில்லை. 126 அப்படியே இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. படியைத் தேடிய இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் சர்க்கரையையும் கண்ணையும் சேர்த்துப் பார்த்தவை. கண்ணில் இருக்கும் சேதம் பல வருடத்துச் சேமிப்பு. ரத்தத்தில் இருக்கும் அளவு இன்று காலை உள்ளது. இன்று 130 உள்ளவர் ஐந்து வருடமாக 130இல் இருந்தாரா, போன மாதம்தான் ஏறினாரா, அல்லது 180இலிருந்து எடை குறைத்து இறங்கி வந்தாரா என்று படத்துக்குத் தெரியாது. ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைச் சொல்வதால் கொஞ்சம் தேவலை. ஆனால் ரத்தச் சோகை உள்ள பெண்களிடம் அது தவறான எண்ணைக் காட்டும், நம் பக்கம் அது சின்ன விஷயமல்ல.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே வெறும் வயிற்றில் 92 என்று கோடு போட்டது குழந்தையின் எடையையும் பிறப்பையும் வைத்து, அம்மாவின் கண்ணை வைத்து அல்ல. அதனால் 92ஐயும் 126ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

சரி, சித்தப்பாவுக்கு என்ன ஆனது? அவர் காலை ஆறரை மணிக்கு ரத்தம் கொடுத்தாராம், சாம்பிள் சேகரித்த இடத்திலிருந்து பரிசோதனைக்கூடம் போகப் பத்து மணி ஆகியிருக்கிறது. குழாயிலேயே இருக்கும் ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். தடுக்கும் மருந்து போட்ட குழாயிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குறைவது நிற்காது. அப்படியென்றால் அவருடைய உண்மையான அளவு 128ஐவிடக் கூடவே இருந்திருக்கலாம். இரண்டு எண் வித்தியாசத்தில் நோயாளி ஆகிவிட்டோமே என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கம் கவலைப்பட்டேன்.

ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது விதி, அதனால் மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த முறை 75 கிராம் குளுக்கோஸும் சேர்த்து. வெறும் வயிற்றில் 121. சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. 2 மணி நேரம் கழித்து 212. ஒரே காலையில் ஒரு சோதனை இல்லை என்றது, இன்னொன்று ஆமாம் என்றது. 1979லிருந்து மருத்துவர்களைப் படுத்திய அந்தக் கோணல் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹெச்பிஏ1சி 6.6 வந்ததும் மருத்துவர் மாத்திரை எழுதினார்.

அடுத்த வாரம் நானே அவருக்குச் சொட்டு மருந்து விட்டேன். வலது கண் சுத்தமாக இருந்தது. இடது கண்ணில், பார்வை மையத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணைத் திருப்பச் சொல்லி இன்னொரு படம் எடுத்தேன், புள்ளி நாளத்தோடு நகர்ந்தது. நுண்புடைப்புதான். அவருக்குப் பன்னிரண்டு வருடமாக ரத்த அழுத்தமும் இருக்கிறது. அந்த ஒற்றைப் புள்ளியைச் சர்க்கரையின் கணக்கில் எழுதுவதா, அழுத்தத்தின் கணக்கில் எழுதுவதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. “இடது, ஒன்று” என்று மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டு, அடுத்த கார்த்திகைக்குத் தேதி குறித்துக் கொடுத்தேன்.